கலைச்சொல் தேவை: ‘கவர்டு ஸ்ட்ராங்கிள்’

மீனாட்சி:

அனைவருக்கும் வணக்கம். ஆப்ஷன் வணிகம் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘கவர்டு கால்’ வரும் இடங்களில் ‘காப்புள்ள கால் விற்பனை’ என்று போட்டுவிட்டேன். கையில் பங்கு இருக்கிறது, அதைக் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையான காலை அதன்மேல் விற்கிறோம், விலை ஏறினால் பங்கைக் கொடுத்துக் கணக்கை முடிக்கிறோம். பொருள் சரியாகவே விழுகிறது.

அடுத்த அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அதே பங்கை வைத்துக்கொண்டு, கால் விற்றது போதாதென்று கீழ் விலையில் ஒரு புட்டையும், அதாவது அந்த விலைக்குப் பங்கை நம் தலையில் கட்டும் உரிமையையும், விற்கிறார்கள். இதற்கு ‘கவர்டு ஸ்ட்ராங்கிள்’ என்று பெயர். ‘காப்புள்ள கழுத்துநெரிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கிறது. ‘காப்புள்ள இருமுனை விற்பனை’ என்று வைக்கலாமா?

சேதுராமன்:

‘இருமுனை விற்பனை’ நன்றாக இருக்கிறது அம்மா. ‘காப்புள்ள’ என்பதுதான் உதைக்கிறது. விற்ற இரண்டில் காலுக்கு மட்டுமே காப்பு உண்டு, புட்டுக்குக் கிடையாது. ஆங்கிலப் பெயரிலேயே உள்ள கோளாறு இது. அதை அப்படியே தமிழுக்குத் தூக்கி வர வேண்டுமா?

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பங்கை 100-க்கு வாங்கியிருக்கிறோம். 110 ஸ்ட்ரைக்கில் கால், 90 ஸ்ட்ரைக்கில் புட், இரண்டையும் ஆளுக்கு 2 பிரீமியத்துக்கு விற்கிறோம். கைக்கு 4 வருகிறது. விலை 110-ஐத் தாண்டினால் பங்கு போய்விடும், லாபம் 14. அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் அதே 14தான்.

விலை 90-க்குக் கீழே போனால் கதை வேறு. ஏற்கெனவே உள்ள பங்கு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு புள்ளி நட்டம் தரும். விற்ற புட்டும் அதே ஒரு புள்ளியைப் பிடுங்கும். ஆக, விலை ஒன்று இறங்கினால் நமக்கு இரண்டு இறங்கும்.

பாஸ்கர்:

சேது ஐயா கொஞ்சம் பயமுறுத்துகிறார் என்று நினைக்கிறேன். கால் மட்டும் விற்றிருந்தால் நட்டமில்லாப் புள்ளி 98. புட்டையும் விற்றால் 96. இறக்கத்துக்கு மெத்தை தடிமனாகிறது, மெலிவதில்லை. அப்படியிருக்க ‘இரட்டைக் காப்பு’ என்று ஏன் சொல்லக்கூடாது? மேலும், இதைச் செய்பவர் 90-க்கு வந்தால் இன்னொரு மடங்கு வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பவர். அவருக்கு அது தள்ளுபடி விலை.

சேதுராமன்:

96 சரிதான் பாஸ்கர். சின்ன இறக்கத்தில் நீங்கள் சொல்வது பலிக்கும். விலை 88-க்கு மேல் நிற்கும்வரை, கால் மட்டும் விற்றவரைவிட இவர் ஒரு படி மேலேயே இருப்பார். அதற்குக் கீழே போய்ப் பாருங்கள். காலாவதியன்று விலை 80 என்றால் கால் மட்டும் விற்றவருக்கு நட்டம் 18, இவருக்கு 26. விலை 70 என்றால் அவருக்கு 28, இவருக்கு 46. ஒன்றுமே விற்காமல் பங்கை மட்டும் வைத்திருந்தவருக்குக்கூட 30-தான். கூடுதலாக வாங்கிய 2 பிரீமியம் இந்த இடத்தில் எந்த மூலைக்கு?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆரம்பத்தில் இந்த ஏற்பாடு சாதுவாகத் தெரியும். பங்கு ஒரு புள்ளி நகர்ந்தால் நம் கணக்கு எவ்வளவு நகரும் என்பதுதான் டெல்டா; விற்ற காலின் டெல்டாவும் விற்ற புட்டின் டெல்டாவும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். திரையில் பார்த்தால் ஒரு பங்கு வைத்திருப்பது போலத்தான் தெரியும். விலை இறங்க இறங்க கால் செத்துப்போகும், புட் கனக்கும், டெல்டா 1-இலிருந்து 2-ஐ நோக்கி ஓடும். அதாவது எப்போது பங்கு குறைவாக இருக்க வேண்டுமோ அப்போது இரண்டாகிவிடுகிறது.

‘90-க்கு வாங்கத் தயார்’ என்பதும் 90-க்கு வரும்போது சொல்ல வேண்டிய பேச்சு. விலை 70-இல் கிடக்கும்போதும் 90 கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இளங்கோ:

ஸ்ட்ராங்கிள் விற்றால் விலை ஏறும்போது நட்டத்துக்கு எல்லையே இல்லை என்பார்களே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? பெயரில் ‘எல்லையிலா’ என்று வர வேண்டும்.

மீனாட்சி:

இளங்கோ, அது பங்கு கையில் இல்லாமல் விற்பவருக்கு. இங்கே பங்கு இருப்பதால் மேல்பக்கம் அடைபட்டுவிட்டது. கீழ்ப்பக்கம்தான் பேச்சு.

நசீமா:

நான் மொழி ஆள் இல்லை, இதைச் செய்தவள். சேது சாரின் எண்களிலேயே சொல்கிறேன், உண்மையில் நடந்ததும் ஏறக்குறைய அந்த விகிதம்தான். புட் விற்க மார்ஜின் வேண்டுமே, அதற்குக் கையிலிருந்த அதே பங்கையே அடமானம் வைத்திருந்தேன். காலாண்டு முடிவு வந்த மறுநாள் பங்கு 84-இல் திறந்தது. அடமானத்தின் மதிப்பு குறைந்தது. அதே நேரத்தில் புட்டுக்கான மார்ஜின் ஏறியது. இரண்டு பக்கமும் ஒரே காலையில். தரகரிடமிருந்து பணம் கட்டச் சொல்லிச் செய்தி வந்தபோது புட் 7.50-இல் இருந்தது. 2-க்கு விற்றதை 7.50 கொடுத்துத் திரும்ப வாங்கி வெளியே வந்தேன். கால் ஏறக்குறைய பூஜ்யமாகிவிட்டதால் அதில் 1.90 மிச்சம். பங்கில் 16 போனது. மொத்தம் 19.60.

புட்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளி, ஸ்ட்ரைக்கையும் இறக்கியிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். செய்திருக்க வேண்டுமா சார்?

சேதுராமன்:

அடமானம் வைத்த பங்கே மார்ஜினாக இருக்கும்போது தள்ளிப்போட உங்களுக்கு இடமே இருந்திருக்காது நசீமா. பணம் தனியாக இருந்தவருக்கு அது வேறு கேள்வி. அவர்கூடப் புதிதாக ஒரு புட் விற்கிறோம் என்றே கணக்குப் பார்க்க வேண்டும்.

பெயருக்கு வருகிறேன். ஒரு பங்கு வைத்து 110 கால் விற்பதும், வட்டியையும் ஈவுத்தொகையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 110 புட் ஒன்றை விற்பதும் ஒரே லாப நட்டம். ஆகவே இந்த ஏற்பாடு உள்ளபடிக்கு 110-இலும் 90-இலும் இரண்டு புட் விற்றிருப்பதுதான். ‘இரட்டைப் புட் விற்பனை’ என்றால் ஆபத்து முகத்திலேயே தெரியும்.

பாஸ்கர்:

தெரியும், ஆனால் படிப்பவர் திரையில் பங்கும் காலும் அல்லவா இருக்கும்? எங்கே இரண்டு புட் என்று தேடுவார். (கூடவே, ஆப்ஷன் உத்தியில் ஒவ்வொரு உறுப்பையும் ‘கால்’ என்று எழுதும் வழக்கத்தை யாராவது நிறுத்துங்கள். ‘இரண்டு காலில் ஒன்று கால், மற்றது புட்’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன்.)

என் கேள்வி வேறு. 90-ஐ முழுதாகப் பணமாக ஒதுக்கி வைத்தால் புட்டுக்கும் காப்பு வந்துவிடுகிறதே? அப்போது ‘கவர்டு’ சரிதானே?

சேதுராமன்:

நல்ல கேள்வி. பணம் ஒதுக்கினால் நசீமாவுக்கு வந்த செய்தி உங்களுக்கு வராது. அது பெரிய வித்தியாசம், மறுக்கவில்லை. ஆனால் விலை ஏறும்போது விற்ற கால் தரும் நட்டத்தைப் பங்கின் லாபம் புள்ளிக்குப் புள்ளி ஈடுகட்டுகிறது. விலை இறங்கும்போது ஒதுக்கிய பணம் வளர்வதில்லை. கடனைக் கட்ட முடியும் என்பது ஒன்று, நட்டம் ஈடாகும் என்பது வேறொன்று. 70-இல் 46 நட்டம், பணம் இருந்தாலும் 46தான்.

மீனாட்சி:

‘ஒருபுறக் காப்பு இருமுனை விற்பனை’ என்று இப்போதைக்கு எழுதுகிறேன். முதல்முறை வரும் இடத்தில் ‘கவர்டு ஸ்ட்ராங்கிள்’ என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பாஸ்கர்:

நீளம். யாரும் வாயால் சொல்லப்போவதில்லை. ‘ஒருகாப்பு ஸ்ட்ராங்கிள்’ என் வாக்கு.

நசீமா:

எந்தப் பெயர் வைத்தாலும் 88 கணக்கைப் பக்கத்திலேயே போடுங்கள் அம்மா. புட் ஸ்ட்ரைக்கிலிருந்து புட் பிரீமியத்தைக் கழிக்க ஒரு வரி போதும்.