தீபாவளித் தள்ளுபடிக்கு ஒரு ஜிங்கிள்: ஒரே தடவையில் கடைப் பேர் மனதில் நிற்குமா?

பாறைக்காரன்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் சித்தப்பா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்கு விளம்பரப் பாட்டு எழுதச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். இருபது விநாடி, மைக் கட்டின ஆட்டோவிலும் உள்ளூர் கேபிளிலும் ஓடும். ஒரு தடவை கேட்டால் மறக்கக் கூடாதாம். கடைப் பேரை இங்கே போட வேண்டாம், 'மல்லிகா' என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பேருக்கும் இதே ஓசைதான். எழுதியது இது, என்ன குறை?

தீபத் திருநாள் வந்தாச்சு
தெருவெல்லாம் ஒளி தந்தாச்சு
முப்பது சதம் தள்ளுபடி
முழுக் குடும்பத்துக்கும் உடுத்தும்படி
மல்லிகா டெக்ஸ்டைல்ஸ், கொழிஞ்சாம்பாறை!

கவுண்டர்பக்கம்

நன்றாகத்தானே இருக்கிறது தம்பி. வந்தாச்சு, தந்தாச்சு, தள்ளுபடி, உடுத்தும்படி என்று கடைசி ஓசை அழகாக ஒட்டுகிறது. கடைப் பேர் ஒரே ஒரு தடவை வருவதுதான் குறை. நாலு தடவை சொல்லுங்கள், வேலை முடிந்தது. முப்பது சதத்தை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். நானும் ஜவுளிக்கடையில்தான் நிற்கிறேன். ஆட்கள் வருவது பாட்டுக்காக அல்ல, தள்ளுபடிக்காக.

தாளக்கட்டை

பேரை அதிகம் சொல்ல வேண்டும் என்பது சரி. ஆனால் இந்தப் பாட்டில் நாலு தடவை என்ன, பத்துத் தடவை சொன்னாலும் ஒட்டாது. மல்லிகாவை எடுத்துவிட்டு அதே அளவில் வேறு எந்தக் கடைப் பேரையும் போட்டுப் பாடிப் பாருங்கள். பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. முதல் நாலு வரியும் எந்தக் கடைக்கும் பொருந்துகிற வரி, பேர் மட்டும் கடைசியில் எதோடும் சேராமல் தனியாக நிற்கிறது. எதுகை விழுகிற இடத்தில் பேர் இருந்தால்தான் அதை உருவ முடியாது.

இரண்டாவது, அளவு. வரியை அசைத்து எண்ணுங்கள். முதல் வரி தீ-பத்-தி-ரு-நாள்-வந்-தாச்-சு, எட்டு. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்பது. நாலாவது பன்னிரண்டு. பாடுகிறவர் அங்கே வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவார், சொல் எதுவும் காதில் விழாது. கேட்பவருக்கு ஒரு வரியின் நடை பிடிபட்டுவிட்டால் அடுத்த வரி எங்கே முடியும் என்று காதே எதிர்பார்க்கும். அந்த எதிர்பார்ப்பில்தான் பாட்டு மனதில் உட்காரும். நீங்கள் வரிக்கு வரி அதைக் கலைக்கிறீர்கள்.

மீனாட்சிபுரம் அக்கா

உருவ முடியாது என்று சொன்னீர்களே, அது எங்களுக்கே நடந்தது. எங்கள் பலகாரக் கடைக்குக் காசு கொடுத்துப் பாட்டு எழுதி வாங்கினோம். நல்ல மெட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் பாடிக்கொண்டு திரிந்தன. பாடியது எங்கள் பேரை வைத்து இல்லை! எதிர்க்கடைப் பேரும் அதே நீளம். பிள்ளைகள் அதைப் போட்டுப் பாட, கூட்டம் அங்கே போனது. எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டால், பாட்டு ஹிட் ஆகிவிட்டதே அக்கா என்கிறார்.

புலவர்பேரன்

தாளக்கட்டை சொன்னதோடு ஒன்று. கடைசி ஓசை ஒட்டுவது இயைபு. தமிழ்க் காது அதற்கு முன்னால் பிடிப்பது சீர்களின் தலைப்பகுதியை. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதை விவசாயி யாரும் எழுதி வைத்துப் படிக்கவில்லை. ஆடி, தேடி என்ற எதுகைதான் காப்பாற்றி வைத்திருக்கிறது. இயைபை மட்டும் நம்பி எழுதினால், வரி முடியும்வரை காதுக்குப் பிடி கிடைக்காது.

கவுண்டர்பக்கம்

பழமொழி வேறு, விளம்பரம் வேறு ஐயா. குழந்தைகள் பாட்டெல்லாம் கடைசி ஓசையில்தானே முடிகிறது? எதுக்கு இவ்வளவு இலக்கணம்? தெரிந்த சினிமா மெட்டு ஒன்றில் கடைப் பேரை ஏற்றிவிட்டால் ஊரே பாடும்.

தாளக்கட்டை

கடைசி ஓசை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது வரியைப் பூட்டும், எதுகை வரியைத் திறக்கும், இரண்டும் இருக்கட்டும். சினிமா மெட்டு மட்டும் வேண்டாம். உரிமை வாங்காமல் போட்டால் கேபிள்காரரே எடுக்க யோசிப்பார், இணையத்தில் ஏற்றினால் தூக்கிவிடுவார்கள். அதைவிட, மெட்டு காதில் விழுந்ததும் மக்களுக்குப் பழைய பாட்டின் வரிதான் ஞாபகம் வரும், கடை வராது.

இப்போது ஆட்டோ. இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஆட்டோ மணிக்கு இருபது கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். கடை வாசலில் நிற்பவருக்கு முன்னும் பின்னுமாக ஓர் எண்பது மீட்டருக்குச் சொல் தெளிவாகக் கேட்கும் என்று வைத்துக்கொண்டாலும் பதினைந்து விநாடிதான். அதுவும் பாட்டின் ஆரம்பத்தில் தொடங்கும் என்று என்ன நிச்சயம்? நடுவில் மாட்டுவார், பாதியில் விடுவார். அதனால் எந்தப் பத்துப் பதினோரு விநாடியை வெட்டி எடுத்தாலும் அதில் கடைப் பேர் இருக்கப் பார்க்க வேண்டும். உங்கள் பாட்டில் பேர் வரும்போது ஆட்டோ முக்கு திரும்பியிருக்கும்.

இன்னொன்று, அந்தக் குழாய் ஸ்பீக்கரில் அடித்தொண்டைக் குரலும் எடுபடாது, 'ஸ்' மாதிரி சீறுகிற ஒலியும் தேய்ந்துவிடும். 'டெக்ஸ்டைல்ஸ்' அதில் வெறும் இரைச்சல். பாட்டில் அதைத் தொடவே தொடாதீர்கள், போர்டில் இருந்தால் போதும். 'மல்லிகா' உங்கள் அதிர்ஷ்டம். முதல் அசை கனமாக இறங்குகிறது, கடைசியில் நெடில் இருப்பதால் இழுத்துப் பிடிக்கலாம். நான் போட்டால் இப்படிப் போடுவேன்:

சொல்லி வையேன் மல்லிகா
அள்ளிக் கோயேன் மல்லிகா
பாப்பாவுக்குப் பாவாடை
பாட்டிக்கொரு பூஞ்சேலை
எல்லை தாண்டிப் போவானேன்
எல்லாம் இங்கே மல்லிகா!

எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு வரியும் ஏழு அசை, எட்டாவது இடம் மூச்சுக்கு. தட்டுக்கு இரண்டு அசை, வரிக்கு நாலு தட்டு. நிமிடத்துக்கு 96 தட்டு என்ற வேகத்தில் ஒரு வரி இரண்டரை விநாடி, ஆறு வரியும் பதினைந்து விநாடி. மிச்சம் ஐந்து விநாடியில் பாட்டில்லாமல் பேச்சுக் குரலில் தள்ளுபடி, தேதி, இடம். நடுவில் பேர் வராத நீளம் மூன்று வரியும் கடைசி வரியின் முன்பாதியும், ஏறக்குறைய ஒன்பது விநாடி. இதற்குமேல் விடக் கூடாது.

புலவர்பேரன்

சொல்லி, மல்லி, எல்லை சரி. அள்ளி இடிக்கிறது. ளகரத்தையும் லகரத்தையும் எதுகை என்று கட்டலாமா?

தாளக்கட்டை

இன எதுகைக்கு யாப்பிலேயே இடம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா? குழாய் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும், அது வேறு விஷயம்.

புலவர்பேரன்

இடம் இருக்கிறது. இருந்தாலும் இரண்டாம் தரம்தான்.

கவுண்டர்பக்கம்

பாட்டு நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முப்பது சதத்தைப் பேச்சுக்குத் தள்ளியதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாக் கடையும் கத்துகிறது. எண் சொல்லாத கடைக்குள் எவன் ஏறுவான்?

தாளக்கட்டை

எண்ணைப் பாட்டுக்குள் வைத்தால் அடுத்த வருடம் இருபது சதம் என்று மாறும்போது பாட்டே செத்துப்போகும். பேச்சுப் பகுதியை மட்டும் மாற்றிவிட்டால் இதே பாட்டு பொங்கலுக்கும் ஓணத்துக்கும் ஓடும். மெட்டு ஒன்றாகவே இருந்தால் வருடத்துக்கு வருடம் பழகிக்கொண்டே போகும். அப்புறம், சித்தப்பா தருவது 'முப்பது சதம்' தானா, 'முப்பது சதம் வரை' தானா? பாட்டில் அந்த 'வரை' எப்போதும் விழுங்கப்படும், கவுண்டரில் நிற்கும் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்கள்.

கவுண்டர்பக்கம்

அது நிஜம். போன தடவை பில் போடும்போது ஒரே ரகளை. ஆனாலும் எண் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

பாறைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் பாடிக் காட்டினேன். 'எல்லை தாண்டிப் போவானேன்' வரியைக் கேட்டதும் குதித்துவிட்டார். தீபாவளிக்கு இங்கிருந்து பாதி ஊர் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூர் ஒப்பணக்காரத் தெருவுக்கும் போய்விடுகிறது, அதை நேராகத் தட்டுகிறது என்றார். கணக்குப் பார்க்கும் அண்ணன்தான் தடை போட்டார். எல்லையில் இருக்கும் கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்க்காரர்களும் நம் கடைக்கு வருகிறார்கள், அவர்களுக்கு இங்கே வருவதுதானே எல்லை தாண்டுவது, பாட்டைக் கேட்டு அவர்கள் பொள்ளாச்சியிலேயே வாங்கிவிட்டால் என்ன செய்வது என்கிறார்.

மீனாட்சிபுரம் அக்கா

அண்ணன் சொல்வதுதான் சரி. எங்கள் கடையிலும் அந்தப் பக்கத்து ஆட்கள் வராவிட்டால் பாதி வியாபாரம் இல்லை. அதென்ன எல்லையைப் பிடித்து இழுப்பது?

தாளக்கட்டை

ஆட்டோ எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. வேலந்தாவளம், கோபாலபுரம் தாண்டாமல் இங்கேயே சுற்றினால் அந்த வரியை வையுங்கள். தாண்டிப் போகும் என்றால் 'தள்ளி எங்கும் போவானேன்' என்று மாற்றலாம். அதே ஏழு அசை, எதுகையும் ஓரளவு நிற்கும். ஆனால் சூடு குறையும், அதை மறைக்க மாட்டேன்.

புலவர்பேரன்

மறுபடியும் ள்ளி!

பாறைக்காரன்

சித்தப்பா எல்லையை விட மாட்டேன் என்கிறார், அண்ணன் தள்ளி என்கிறார். பதிவுக்குப் போகும் முன் சோதிக்க வழி உண்டா?

தாளக்கட்டை

உண்டு. பாட்டு எழுதும்போது பக்கத்தில் இல்லாத ஒருவரைப் பிடியுங்கள், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் போதும். தாளம் தட்டாமல் ஒரே ஒரு தடவை பாடிக் காட்டுங்கள். அப்புறம் மழை, ரப்பர் விலை, ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். பத்து நிமிடம் கழித்து, என்ன பாடினேன் என்று கேளுங்கள். 'மல்லிகா' வந்துவிட்டால் பாதி வெற்றி. பாவாடையும் பாட்டியும் வந்து பேர் வரவில்லை என்றால் மூன்றாவது நாலாவது வரிகளைக் குறையுங்கள். தீபாவளி என்று மட்டும் சொன்னால் உங்கள் பேச்சுக் குரல்தான் பாட்டை விழுங்கியிருக்கிறது. இரண்டு வடிவத்தையும் வேறு வேறு ஆட்களிடம் சோதியுங்கள், ஒரே ஆளிடம் இரண்டையும் பாடினால் முதலில் கேட்டது இரண்டாவதற்கு உதவிவிடும்.

கவுண்டர்பக்கம்

அப்படியே முப்பது சதம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள் தம்பி. இங்கே வந்து எழுதுங்கள்.