வீடியோவின் ஆட்டத்தை நிறுத்தினால் படம் மங்கித் தெளிகிறது: எங்கே நிறுத்துவது?

கவின்: வீட்டுக்குள் குழந்தைக்குப் பின்னால் நடந்துகொண்டே கையில் பிடித்து எடுத்த 40 விநாடி கிளிப். 1080, விநாடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் 1/30, பல்பு வெளிச்சம்தான். கை ஆட்டத்தை எடுக்க ffmpeg-ல் இப்படி ஓட்டினேன்:

```
ffmpeg -i clip.mp4 -vf vidstabdetect=shakiness=5:result=t.trf -f null -
ffmpeg -i clip.mp4 -vf vidstabtransform=input=t.trf:smoothing=60 out.mp4
```

ஆட்டம் போய்விட்டது. ஆனால் விநாடிக்கு இரண்டு தடவை படம் மங்கித் தெளிகிறது, ஓரங்களும் ஏகத்துக்கு வெட்டுப்பட்டுவிட்டன. smoothing அளவைக் கூட்டுவதா, குறைப்பதா?

செந்தில்: மங்கலுக்குக் காரணம் நீங்கள் ஷார்ப்பன் போடாததுதான். ஸ்டெபிலைஸ் செய்யும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் நகர்த்தி, திருப்பி, பெரிதாக்கிப் புதிதாக வரைகிறது. அதில் கூர்மை கொஞ்சம் போகத்தான் செய்யும். கடைசியில் `unsharp=5:5:0.8:3:3:0.4` சேர்த்துப் பாருங்கள். smoothing 60 அப்படியே இருக்கட்டும். அதிகம் வைத்தால்தான் டிராலியில் போன மாதிரி வரும்.

ரஃபீக்: எனக்கும் இதே பிரச்சினை. பைக் ஹேண்டிலில் போனை மாட்டி எடுத்தேன். ஸ்டெபிலைஸ் செய்த பிறகு மரமெல்லாம் ஜெல்லி மாதிரி நெளிகிறது. unsharp போட்டுப் பார்த்தும் ஒன்றும் மாறவில்லை.

மீனாட்சி: ரஃபீக், உங்களுடையது வேறு நோய். பெரும்பாலான போன்களில் சென்சார் படத்தை மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைவரை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கிறது. என்ஜின் அதிர்வு வேகமானது என்பதால் ஒரே ஃபிரேமுக்குள்ளேயே மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி இன்னொரு பக்கமும் போய்விடும். மொத்த ஃபிரேமையும் நகர்த்தி இதைத் திருத்த முடியாது. பெரிய ஆட்டம் போனதும் இந்த நெளிவு இன்னும் பளிச்சென்று தெரியும். ரப்பர் வைத்து மாட்டி மறுபடி எடுப்பதுதான் வழி.

கவின், செந்தில் சொன்னதில் பாதி சரி. ஃபிரேமைத் திரும்ப வரைவதால் வருகிற மென்மைக்கு unsharp உதவும். ஆனால் அந்த மென்மை எல்லா ஃபிரேமிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். உங்களுடையது மங்கித் தெளிகிறது என்கிறீர்கள். விநாடிக்கு இரண்டு தடவை என்பது நடக்கிறவரின் கால் தரையில் படுகிற கணக்கு.

மூல கிளிப்பை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். கதவுக் கைப்பிடியில் பல்பு மின்னுகிற மாதிரி ஒரு சின்ன வெளிச்சப் புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கால் ஊன்றும் ஃபிரேமில் அது புள்ளியாக இருக்கிறதா, கோடாக இழுத்திருக்கிறதா?

கவின்: பார்த்தேன். நடுவில் கிட்டத்தட்ட புள்ளிதான். கால் ஊன்றும் இடத்தில் இரண்டு மூன்று ஃபிரேமுக்குச் செங்குத்தாகக் கோடு. எண்ணினால் 14 பிக்சல் வருகிறது.

மீனாட்சி: அதுதான். 30 ஃபிரேமில் 1/30 ஷட்டர் என்றால் ஃபிரேம் முழுக்க ஷட்டர் திறந்தே இருக்கிறது. கேமரா எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு நீளத்துக்குக் கோடு படத்தில் பதிந்துவிடும். ஆட்டத்தோடு பார்க்கும்போது கண் அதைப் பொருட்படுத்தாது, படம் நகர்கிறது, அதனால் மங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். ஸ்டெபிலைசர் நகர்வை எடுத்துவிடுகிறது, கோட்டை எடுப்பதில்லை. அசையாமல் நிற்கிற சுவர் காரணமே இல்லாமல் மங்கும்போது உறுத்தத்தான் செய்யும். இங்கே ஷார்ப்பன் போட்டால் தெளிவான ஃபிரேம் இன்னும் தெளியும், கோடு கோடாகவே நிற்கும். வித்தியாசம் கூடும்.

அடுத்தது smoothing. 60 என்றால் முன்னால் 60, பின்னால் 60, நடுவில் ஒன்று, ஆக 121 ஃபிரேம். நான்கு விநாடிக்கு மேல் போன பாதையைச் சராசரியாக்குகிறது. நீங்கள் குழந்தையைத் தொடர்ந்து வேண்டுமென்றே திரும்பியதையும் அது ஆட்டமாக நினைத்து இழுக்கும். நடையின் துள்ளலைத் தணிக்க இரண்டு காலடி எடுத்துவைக்கிற நேரம் போதும். 15 வையுங்கள், 31 ஃபிரேம், சுமார் ஒரு விநாடி. கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் மங்கலை மறைக்கும்.

செந்தில்: மிச்சம் வைப்பதற்கு ஸ்டெபிலைஸ் எதற்கு? கவின், பிரீமியரில் Warp Stabilizer போடுங்கள். Subspace Warp முறை படத்தைப் பகுதி பகுதியாகப் பிடித்துச் சரிசெய்யும். ஓரமும் இவ்வளவு வெட்டுப்படாது.

கவின்: நண்பரின் கணினியில் அதையும் போட்டேன். குழந்தை குறுக்கே வரும்போது பின்னாலுள்ள அலமாரி வளைகிறது. மங்கித் தெளிவது அப்படியே இருக்கிறது.

மீனாட்சி: பகுதி பகுதியாக வளைக்கிற முறைக்குக் குறுகலான அறை ஆகாது. பக்கத்தில் இருப்பது ஒரு வேகத்திலும் தூரத்தில் இருப்பது வேறு வேகத்திலும் நகரும். குழந்தை பாதி ஃபிரேமை அடைத்தால், எது பின்னணி, எதைப் பிடிப்பது என்றே அதற்குத் தெரியாது. அங்கேயே Method-ஐ Position, Scale, Rotation என்று மாற்றினால் அலமாரி நேராகிவிடும். நேர்கோடு உள்ள எந்த இடத்திலும் நான் இதற்கு மேல் போவதில்லை.

ஓரம் வெட்டுப்படுவதற்கும் உங்கள் கிளிப்பில் ஒரே ஒரு இடம்தான் காரணமாக இருக்கும். எங்காவது கை சட்டென்று விலகியதா?

கவின்: ஆமாம், 23-வது விநாடியில் கதவு நிலையில் தோள் இடித்தது.

மீனாட்சி: சரி. vidstabtransform-ல் ஜூமை முடிவுசெய்கிற optzoom தானாகவே 1 என்று இருக்கும். மொத்தக் கிளிப்பிலும் உள்ள பெரிய நகர்வுகளைப் பார்த்து, அவற்றுக்கேற்ற ஒரே ஜூமை எல்லாவற்றுக்கும் போடும். அந்த இடியில் பக்கவாட்டில் 120 பிக்சல் திருத்தம் வந்தது என்று வைப்போம். இரண்டு பக்கமும் 120 போனால் 1920-ல் மிஞ்சுவது 1680, அதாவது 114 சதவீத ஜூம். மற்ற இடத்தில் 40 பிக்சல்தான் என்றால் 1840 மிஞ்சும், 104 போதும். ஒரு விநாடி இடிக்காக 40 விநாடியும் ஓரம் இழக்கிறது. இடிக்கு முன்னும் பின்னும் வெட்டி, இரண்டு துண்டையும் தனித்தனியாக ஓட்டுங்கள். இடித்த இடத்தை விட்டுவிடலாம், வேண்டுமென்றால் ஆட்டத்தோடு வைக்கலாம்.

தமிழ்ச்செல்வி: ஆட்டத்தோடு வைப்பதே மேல் என்பேன், முழுக் கிளிப்பையும்தான். குழந்தை பின்னால் ஓடுகிறவரின் கைதானே அது. சீராக்கினால் யாரோ அந்நியர் மிதந்து வருகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஆவணப்படத்துக்கு எடுப்பவர்கள் பலர் இதற்காகவே தொடுவதில்லை.

செந்தில்: பெரிய திரையில் பார்க்கிறவருக்குத் தலை சுற்றினால் அந்தக் கை யாருக்குப் பிடிக்கும்? அடுத்த தடவை ஷட்டரை 1/120 வைத்து எடுத்தால் மங்கல் பேச்சே இல்லை, smoothing எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம்.

மீனாட்சி: ஷட்டர் யோசனை நல்லது. ஆனால் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/120 வைத்தால் பல்பு மினுக்கும். 1/100 வையுங்கள். 14 பிக்சல் கோடு 4 பிக்சலாகச் சுருங்கும், அது கண்ணில் படாது. வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கிடைக்கும், அதனால் ஐஎஸ்ஓ ஏறி மணல் தூவின மாதிரி இரைச்சல் வரும். இருட்டு அறையில் எது தேவலை என்பது எடுக்கிறவர் முடிவு. "எவ்வளவு வேண்டுமானாலும்" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன், ஓரம் வெட்டுப்படுவது ஷட்டரால் மாறாது.

கவின்: வெட்டி, 15 வைத்து ஓட்டினேன். முதல் துண்டு நன்றாக இருக்கிறது, அலமாரி நேர், ஓரமும் பெரிதாகப் போகவில்லை. இரண்டாவதில் குழந்தை ஓட ஆரம்பிக்கிறது, நானும் ஓடினேன், அங்கே மங்கல் இன்னும் தெரிகிறது.

மீனாட்சி: ஓடும்போது கோடு இன்னும் நீளமாக இருக்கும். அந்தத் துண்டுக்கு 5 வைத்துப் பாருங்கள். அப்போதும் உறுத்தினால் மூலத்தையே போடுங்கள்.

தமிழ்ச்செல்வி: முதல் துண்டு சீராகவும் இரண்டாவது ஆட்டத்தோடும் அடுத்தடுத்து வந்தால் ஒட்டாது. இரண்டையும் மூலமாகவே வையுங்கள்.

மீனாட்சி: குழந்தை ஓட ஆரம்பிக்கிற இடத்திலேயே வெட்டு விழுந்தால் ஒட்டும் என்று நினைக்கிறேன். கவின் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கட்டும்.