‘தீம் பேப்பர்’, ‘பிளீனரி’: அழைப்பிதழில் என்ன போடலாம்?

மதுரை ஒருங்கிணைப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். வைகைப் பாசனக் கண்மாய்கள் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கம் நடத்துகிறோம். கல்வெட்டு, மடையும் கலிங்கும், நீர்ப்பங்கீடு, நகர விரிவாக்கம் என நான்கு அமர்வுகள். நடுவில் உள்ள இரண்டும் ஒரே நேரத்தில் இரண்டு அரங்குகளில். தொடக்க விழா முடிந்ததும் தீம் பேப்பரை அறிமுகப்படுத்திவிட்டுப் பிளீனரிக்குப் போகிறோம். ‘கருப்பொருள் கட்டுரை’, ‘நிறையமர்வு’ என்று போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்.

தமிழாசிரியை:
இரண்டுமே இடிக்கும், தம்பி. தொல்காப்பியம் படித்தவர்களுக்குக் கருப்பொருள் என்றால் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை என்று வரிசையாக நினைவுக்கு வரும். அதுவும் கண்மாய்க் கருத்தரங்கம்; எருமை, நாரை, தாமரை பற்றிய கட்டுரை போலிருக்கிறது என்று உட்கார்ந்திருப்பார்கள்.

நிறையமர்வு அதைவிட ஆபத்து. நிறைவமர்வுக்கும் அதற்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். அச்சகத்தில் கொஞ்சம் அசந்தால், பதினொன்றரைக்கே விழா முடிந்தது என்று வெளியூர்க்காரர்கள் மாட்டுத்தாவணிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
பிளீனரியின் வேர் இலத்தீனில் ‘நிறைந்த, முழுமையான’ என்ற பொருள் தருவது. ஆகவே ‘முழு அமர்வு’ என்பதே துல்லியம்.

தமிழாசிரியை:
வேர் சரி, ஐயா. ஆனால் ‘முழுநாள்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு முழு அமர்வு நேரக்கணக்காகப் படும். இங்கே முழுமை வந்திருக்கிற ஆட்களில் இருக்கிறது, நேரத்தில் இல்லை. ‘பொது அமர்வு’ என்றும் போட வேண்டாம். எந்தத் தலைப்பிலும் அடங்காத கட்டுரைகளைத் தள்ளிவிடும் இடத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டது. எல்லாரும் கூடுவது பேரமர்வு, பிரிந்து நடப்பது கிளையமர்வு. இரண்டையும் ஜோடியாகப் போட்டால் விளக்கமே வேண்டாம்.

கல்லூரி விரிவுரையாளர்:
தீம் பேப்பருக்குத்தான் ‘மையக்கருத்துரை’ இருக்கிறதே! எங்கள் கல்லூரியில் சிறப்பு விருந்தினர் பேசுவதை அப்படித்தான் போடுகிறோம். அவருக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவது என்பதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி.

பழைய ஒருங்கிணைப்பாளர்:
நீங்கள் சொல்வது கீநோட். அது விருந்தினரின் பேச்சு, அவர் விருப்பம். தீம் பேப்பர் நடத்துகிறவர்கள் எழுதுவது. எல்லா அமர்வுக்கும் பொதுவான கேள்வியை அது எழுப்ப வேண்டும்.

மதுரைக்காரர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். “ஆற்றில் தண்ணீர் வந்தும் கண்மாய் ஏன் நிறையவில்லை?” என்பது கேள்வி. கண்மாயை முன்பு யார், எந்த வருமானத்தில் பராமரித்தார்கள் என்று கல்வெட்டு அமர்வு சொல்லும். வண்டல் மேவினால் கொள்ளளவு குறையும், கலிங்கின் உயரத்தை மாற்றினால் தேங்கும் அளவு மாறும் என்பது பொறியாளர்களின் பங்கு. மடையை எப்போது திறப்பது என்று, ஊருக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி எப்படி முடிவெடுக்கிறார் என்பது மூன்றாவது. வரத்துக்கால் மீது மனை விழுந்த கதை நான்காவது.

இங்கே முடிச்சு நடு இரண்டில்தான். மேல் கண்மாயின் கலிங்கில் வழிவதுதான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. கலிங்கை உயர்த்தச் சொல்லும் பொறியாளருக்குக் கீழூர்ப் பங்கு தெரிய வேண்டும். அதைப் பேசுகிறவரோ பக்கத்து அரங்கில் இருக்கிறார். அறிமுகத்தில் இதைச் சொல்லி, “நீங்கள் பிரிந்து போய்க் கொண்டுவரும் விடைகளைப் பேரமர்வில் ஒட்டுவோம்” என்றால் போதும். அப்படியென்றால் காலையில் ஒன்று, கிளையமர்வுகள் முடிந்த பிறகு ஒன்று என இரண்டு பேரமர்வு வேண்டும்.

அறிமுகத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். கேள்விக்கு மூன்று, அமர்வுக்கு இரண்டாக எட்டு, மீதி ஒன்று. கட்டுரையை அப்படியே வாசித்தால் முதல் பக்கத்திலேயே கூட்டம் கைபேசிக்குள் போய்விடும். “முதல் அமர்வில் இன்னார் பேசுவார்” என்பதும் வீண். அது அழைப்பிதழிலேயே இருக்கிறது. பொன்னாடை, வாழ்த்துரையில் நேரம் போய்விட்டால் பின்னணியை வெட்டுங்கள், முடிச்சை வெட்டாதீர்கள். கட்டுரையைப் பதிவு மேசைப் பையில் போட்டுக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. அமர்வுத் தலைவர்களுக்கு ஒரு வாரம் முன்பே, அவரவர் கேள்வியைத் தனித் துண்டில் எழுதி அனுப்புங்கள். நகர அமர்வில் ஒருவர் எழுந்து, கல்வெட்டு அமர்வில் விடை வந்துவிட்ட கேள்வியையே கேட்டால், அறிமுகம் எடுபடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

அமர்வுகளைக் கோப்பதால் ‘கோவைக் கட்டுரை’ என்பேன்.

தமிழாசிரியை:
கோவை சிற்றிலக்கியம், ஐயா! மறுபடியும் தமிழ்த்துறை வாசலிலேயே மாட்டிக்கொள்கிறோம். ‘இழைக்கட்டுரை’?

மொழிபெயர்ப்பாளர்:
மதுரையில் அது சுங்குடிச் சேலைக் கருத்தரங்கு மாதிரி இருக்கும். ‘பொதுவினாக் கட்டுரை’ என்று நேராகவே சொல்லலாமே.

மதுரை ஒருங்கிணைப்பாளர்:
பேரமர்வு, கிளையமர்வு இரண்டையும் போட்டுவிட்டேன். இரண்டாம் நாள் மதியம் இன்னொரு பேரமர்வு சேர்த்தாயிற்று. அதற்காக வாழ்த்துரையில் இரண்டு பேரைக் குறைத்திருக்கிறேன், திட்டு வாங்க வேண்டியிருக்கும். கட்டுரைக்கு மட்டும் இப்போதைக்கு ‘மையப்பொருள் கட்டுரை’. வெள்ளிக்குள் வேறு சொல் வந்தால் மாற்றிக்கொள்கிறேன்.