பாட்டும் உதடும் பொருந்தாமல் போவதற்கு என்ன சொல்?

கீழக்கரை, தமிழாசிரியை:
படப்பிடிப்புச் சொற்கள் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். நடிகர் பாட்டுக்கு வாயசைப்பதற்கு ‘வாயசைப்பு’ இருக்கிறது, போதும். அது பாட்டோடு பொருந்தாமல் போனால் அந்தக் கோளாறுக்குப் பெயர் இல்லை. தனுஷ்கோடி மணலில் தூரத்திலிருந்து எடுத்த ஒரு பாட்டில் நாயகியின் உதடு கொஞ்சம் தாமதமாகவே அசைகிறது. ‘வாய்ப்பிந்தல்’ எனலாமா?

தொண்டி:
பிந்துவது குரல்தானே டீச்சர்? நடிகர் முதலில் நடித்துவிடுவார், பிறகு சென்னையில் பாடகர் அதைப் பார்த்துப் பாடுவார். ‘குரல் பிந்தல்’ என்பதே சரி.

ராமநாதபுரம், முன்பு படப்பிடிப்பில் பாட்டு ஓட்டியவர்:
தொண்டித் தம்பி சொல்வது வசனத்துக்கு. அதைப் பின்னால் டப்பிங்கில் பேசுவார்கள். பாட்டு நேர்மாறு. ஸ்டுடியோவில் கிளிக் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு பாடகர் முதலிலேயே பாடிவிடுவார். வாத்தியங்களெல்லாம் முடியாவிட்டாலும் ஒரு தற்காலிக மிக்ஸ் செட்டுக்கு வந்துவிடும். சில சமயம் அதில் பெரிய பாடகர் பாடுவதற்கு முன் மாதிரிக்குப் பாடிவைக்கும் டிராக் பாடகரின் குரல்தான் இருக்கும். அந்தக் காலத்தில் நாக்ரா டேப் ரெக்கார்டர், இப்போது லேப்டாப். அதிலிருந்து ஸ்பீக்கருக்கு. நடிகர் கேட்டு வாயசைப்பார்.

டீச்சர் சொன்ன ஷாட்டுக்கு வருவோம். கேமரா பக்கத்தில் ஸ்பீக்கர், நாயகி 70 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். பாட்டு அவர் காதுக்கு ஐந்தில் ஒரு நொடி கழித்துத்தான் சேரும். நொடிக்கு 24 பிரேம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து பிரேம். அவர் கச்சிதமாக வாயசைத்தாலும் படத்தில் ஐந்து பிரேம் தாமதம். எடிட்டர் ‘ப’, ‘ம’ வருகிற இடத்தில் நிறுத்திப் பார்ப்பார். உதடு மூடியே தீரவேண்டிய எழுத்துகள் அவை, திறந்திருந்தால் மாட்டிக்கொள்ளும்.

சரி, ஸ்பீக்கரை நாயகி காலடியில் மணலுக்குள் மறைத்து வைத்தால்? அவருக்குத் தாமதமே இல்லை. ஆனால் கேமராவின் மைக்குக்குப் பாட்டு ஐந்து பிரேம் பிந்தி வரும். எடிட்டர் அந்த மைக் சத்தத்தை வைத்துப் பாட்டைப் பொருத்தினால் உதடு ஐந்து பிரேம் முந்திக்கொள்ளும். ‘பிந்தல்’ என்ற பெயர் பாதிக்குத்தான் ஆகும். டைம்கோடு காட்டும் கிளாப் பலகை வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

தங்கச்சிமடம், கலியாண வீடியோ:
அண்ணே, நல்ல நேரத்தில் பேச்சை எடுத்தீங்க. பாம்பன் பாலம் பின்னால் தெரிய மாப்பிள்ளை பொண்ணை வைத்து எடுத்தேன். ஸ்பீக்கர் பக்கத்திலேயேதான், நாலு அடி. கேமராவில் மைக்கே போடலை, லேப்டாப்பில் பாட்டு தொடங்குற இடத்தைப் பார்த்துப் பொருத்தினேன். அப்பவும் வாய் பிந்துது. என்ன ஸ்பீக்கர் வாங்கலாம்?

ராமநாதபுரம்:
புளூடூத் ஸ்பீக்கரா தம்பி? அது பாட்டை உள்ளே வாங்கி வெளியே விடுவதற்கே நேரம் எடுத்துக்கொள்ளும். வாங்க வேண்டாம், வயர் போட்டுப் பாருங்கள். ஷாட்டின் தொடக்கம் முதல் கடைசி வரை தாமதம் ஒரே அளவா என்றும் பாருங்கள். ஒரே அளவு என்றால் எடிட்டில் அத்தனை பிரேம் நகர்த்தினால் முடிந்தது. போகப்போகக் கூடினால் கேமராவின் வேகமும் பாட்டின் வேகமும் ஒத்துவரவில்லை. 23.976 பிரேமில் எடுத்ததை 24-இல் ஓட்டினால் நாலு நிமிஷப் பாட்டில் ஆறு பிரேம் தள்ளிப்போகும். துண்டுதுண்டாக எடுத்தால் தெரியாது, ஒரே நீள ஷாட்டில் தெரியும்.

கீழக்கரை:
அப்படியானால் இரண்டு சொல் வேண்டும் ஐயா. ஒரே அளவில் நிற்பது ‘உதட்டு விலகல்’, அதற்குள் முன்விலகல், பின்விலகல். போகப்போகக் கூடுவது ‘நழுவல்’.

தொண்டி:
பாட்டு முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘விலகல்’ வேண்டாம் டீச்சர். கணக்குப் புத்தகத்தில் ‘திட்ட விலக்கம்’ இருக்கிறது, பிள்ளைகள் குழம்புவார்கள். டிராக் பாடகர் மூச்சு விட்ட இடத்தில் பெரிய பாடகர் இழுத்துப் பாடிவிட்டால் அது எதில் சேரும்?

ராமநாதபுரம்:
எதிலும் சேராது. எத்தனை பிரேம் நகர்த்தினாலும் அந்த இடம் சரியாகாது. வேறு ஷாட்டுக்கு வெட்டிப் போவார்கள், முதுகையோ கடலையோ காட்டுவார்கள்.

தங்கச்சிமடம்:
நாங்க ‘வாய் ஒட்டலை’ன்னுதான் சொல்வோம். ‘ஒட்டாமை’ன்னு வைங்களேன்.

ராமநாதபுரம்:
கேட்க நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் எடிட்டருக்கு எண்ணும் திசையும் வேண்டும். ‘ஐந்து பிரேம் பின்விலகல்’ என்றால் உடனே கை நகரும். ‘ஐந்து பிரேம் ஒட்டாமை’ என்றால் எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்பார். தொண்டித் தம்பி கேட்ட கோளாறுக்கு வேண்டுமானால் ‘ஒட்டாமை’யை வைத்துக்கொள்ளலாம்.

தொண்டி:
அதற்குச் சரி. ‘விலகல்’ எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

தங்கச்சிமடம்:
வயர் போட்டாச்சு அண்ணே, இப்ப ஒட்டுது. பழைய கலியாணத்தை எட்டு பிரேம் நகர்த்தினேன், அதுவும் சரியாயிருச்சு.