புதுப்பிப்பு: தையல் கடையின் ‘இந்த மாத வாடிக்கையாளர்’ வாசகம்

முன்பு கேட்டது: “பல ஆண்டுகளாக எங்களிடமே தைக்கும் ஒருவரின் படத்துடன் என்ன எழுதலாம்? அனுமதி எப்படிப் பெறுவது?”

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. படத்திற்கு மட்டுமன்றி எழுதப்போகும் வரிகளுக்கும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒப்புதல் பெறுமாறு பொட்டிக் நடத்தும் அம்மையார் கூறியதே பலித்தது. முகம் தெரியாவிட்டால் அனுமதியே வேண்டாம் என்று ஒருவர் சொன்னது பாதிதான் பொருந்தியது. ரவிக்கையின் முதுகுப்புறம் மட்டும் தெரிந்தாலும், அதன் ஆரி வேலைப்பாட்டை வைத்தே உறவினர் கண்டுகொள்வர் என்று வாடிக்கையாளரே சொன்னார். இன்னொருவர் விலைக்கழிவு வாசகம் அனுப்பியிருந்தார். நான் கேட்டது அதுவன்று.

எதிர்பாராதது ஒன்று உண்டு. பக்கத் தையலில் துணி கூடுதலாக விட்டுத் தைப்பதால் அவருடைய பழைய ரவிக்கைகளைப் பிரித்து அகலப்படுத்த முடிந்தது என்று பெருமையாக எழுதியிருந்தேன். உடல் பருத்ததை ஊருக்குச் சொல்வதாகும் என்று அவர் அந்த வரியை நீக்கச் சொன்னார், அதுவும் நியாயமே. இறுதி வாசகம்:

“இந்த மாத வாடிக்கையாளர்: மகளின் பட்டுப்பாவாடையில் தொடங்கி, அவளுடைய கல்யாண ரவிக்கை வரை எங்களிடமே தைத்தவர். நன்றி, அக்கா! (படமும் செய்தியும் அவர் ஒப்புதலுடன்)”

பெயர், அளவு, கூலி எதுவும் சேர்க்கவில்லை. மாதம் முடிந்தபின் படத்தை நீக்குவதா என்பதை அவரிடம் இன்னும் கேட்க வேண்டும்.