லாக்ஃபிரேமில் அனுமானக் கட்டம்: வழி சொல்லுங்கள்

வணக்கம். சிவகங்கைப் பக்கம் ஒரு சிறு கண்மாயைச் சீரமைக்க நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறோம். திட்டத்தைச் செயல்பாடு முதல் இலக்கு வரை படிப்படியாகக் காட்டும் லாக்ஃபிரேம் அட்டவணையை நிதி தருபவர்கள் கேட்கிறார்கள். அதில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

கீழிருந்து மேலாக இப்படிப் போட்டிருக்கிறேன். செயல்பாடுகள்: தூர் வாருவது, மடையைப் பழுது பார்ப்பது, பாசனதாரர் சங்கத்தைக் கூட்டுவது. வெளியீடு: கொள்ளளவு மீண்ட கண்மாய், ஒழுகாத மடை. விளைவு: கடைமடை வயலிலும் நெல் கதிர் முற்றும்வரை தண்ணீர். இலக்கு: விவசாயக் குடும்பங்களின் வருமானம் உயர்வது. முதலில் எங்கள் குழுவில் 'தூர் வாரிய கண்மாய்' என்பதையே விளைவாக எழுதியிருந்தார்கள்; அது நம் கைவேலை முடிந்ததற்கான சான்று மட்டுமே என்பதால் கீழே இறக்கினேன்.

சிக்கல், நம் கையில் இல்லாத நிபந்தனைகளை எழுதும் அனுமானக் கட்டத்தில்தான். வெளியீட்டிலிருந்து விளைவுக்கு ஏற இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: மழை ஓரளவு பெய்ய வேண்டும், வரத்துக்கால் திறந்திருக்க வேண்டும். மழை நம் கையில் இல்லை, அனுமானமாகவே இருக்கட்டும். வரத்துக்காலிலோ இப்போதே ஆக்கிரமிப்பு இருக்கிறது. அது தானாக அகலும் என்று எழுதினால் கண்மாய் ஆழமாகவும் காலியாகவும் கிடக்கும்.

அளவீடு, வருவாய்த் துறையிடம் மனு, ஊர்க்கூட்டம் ஆகியவற்றைச் செயல்பாடுகளில் சேர்த்து, 'அதிகாரிகள் உரிய காலத்தில் அகற்றுவார்கள்' என்பதை மட்டும் அனுமானமாக வைக்கலாமா? அல்லது அகற்றிய பிறகே தூர் வாரும் பணம் வரும்படி முன்நிபந்தனையாக்குவது நல்லதா? இப்படி எழுதி நிதி பெற்றவர்கள் சொல்லுங்கள்.