ஜிம்மி யாருக்கு? – எங்கள் தெரு வாட்ஸ்அப் குழு

ஸ்டெல்லா டீச்சர்: எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்க வேண்டும். எனக்கு 71 ஆகிறது, என் நாய் ஜிம்மிக்கு 7. எனக்குப் பிறகு அவனைப் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்து வீட்டு விஜயா சொல்லியிருக்கிறாள். வீடும் நகையும் கனடாவில் இருக்கும் மகனுக்கு. ஜிம்மிக்கு மட்டும் உயிலில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "என் நாய் ஜிம்மிக்கு ரூ.3,50,000 கொடுக்கிறேன். விஜயா அவனை அன்போடு பார்த்துக்கொள்வாள் என்று நம்புகிறேன்." இது போதுமா?

சேகர்: டீச்சர், ஜிம்மியைக் கொடுக்கப் போகிறீர்களா? என் மச்சான் தோட்டத்துக்கு ஒரு நாய் தேடிக்கொண்டிருக்கிறார்.

விஜயா: சேகர் அண்ணா, மேலே இன்னொரு தடவை படியுங்கள் 😄

பாஸ்கர்: போதாது டீச்சர். முத்திரைத்தாளில் எழுதி ரிஜிஸ்டர் பண்ணினால்தான் உயில் செல்லும். மற்றபடி நாய்க்குப் பணம் எழுதலாம், ரத்தன் டாடாவே எழுதினாரே.

கலைவாணி (வக்கீல்): பாஸ்கர் சார், உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. ஆனால் பதிந்து வைத்தால் நல்லது, "இது அம்மா கையெழுத்தே இல்லை" என்று பின்னால் யாராவது கிளப்பினால் கைகொடுக்கும்.

கலைவாணி (வக்கீல்): டாடா விஷயமும் அப்படி இல்லை. தன் நாய் டிட்டோவைச் சமையல்காரர் ராஜன் ஷாவின் பொறுப்பில் விட்டார், பராமரிப்புக்கு ஏற்பாடு செய்தார் என்றுதான் செய்தி வந்தது. நாய் பெயரில் சொத்து நிற்காது. சட்டத்தின் கண்ணில் நாயே ஒரு சொத்துதான். டீச்சர் எழுதிய முதல் வாக்கியம் அங்கேயே அடிபட்டுப் போகும், அந்த மூன்றரை லட்சம் மற்ற சொத்தோடு சேர்ந்து மகனுக்குப் போய்விடும்.

ஸ்டெல்லா டீச்சர்: அடக் கடவுளே. இரண்டாவது வாக்கியம்?

கலைவாணி (வக்கீல்): "நம்புகிறேன்" என்பது ஆசை, யாரையும் கட்டாது. அதோடு ஜிம்மி என்று மட்டும் எழுதினால், நாளைக்கு அவன் இல்லாமல் வேறொரு நாய் வளர்த்தீர்கள் என்றால் அந்த நாய்க்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. நான் இப்படி எழுதுவேன்:

"என் இறப்பின்போது என் வளர்ப்பில் உள்ள நாய் அல்லது நாய்களைப் பக்கத்து வீட்டு விஜயாவுக்குக் கொடுக்கிறேன். அவர் ஏற்றுக்கொண்டால், பராமரிப்புக்காக ரூ.3,50,000 அவரைச் சேர வேண்டும். அவர் எனக்கு முன் இறந்தாலோ, மறுத்தாலோ, நாயும் பணமும் இன்னாரைச் சேர வேண்டும்."

பணம் நாயின் பின்னால் போக வேண்டும், அதுதான் இதில் முக்கியம்.

விஜயா: எனக்கு 52தான் மேடம், அதற்குள் என்னை அனுப்பி வைக்கிறீர்களே.

கலைவாணி (வக்கீல்): நீங்கள் வீடு மாறலாம், புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொல்லலாம். இரண்டாவது பெயர் இல்லாவிட்டால் எல்லாம் திரும்பவும் மகன் தலையில் விழும்.

மெஹருன்னிசா: எங்கள் வீட்டில் இரண்டு பூனை இருக்கிறது, நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எங்களுக்கு உயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகள் சம்மதிக்காமல் எழுத முடியாது என்று மாமா சொன்னார்.

கலைவாணி (வக்கீல்): சரிதான் மெஹர். பக்கத்து வீட்டுக்காரர் வாரிசு இல்லை, அதனால் அந்த மூன்றில் ஒரு பங்குக்குள் எழுதலாம். பூனைச் செலவு அதைத் தாண்டாது.

முரளி (விஜயா கணவர்): டீச்சர், ஞாயிற்றுக்கிழமை சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன். வெளியில் ஆள் தேட வேண்டாம்.

கலைவாணி (வக்கீல்): ஐயோ, வேண்டாம் முரளி சார்! டீச்சர் கிறிஸ்தவர். 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 67-வது பிரிவு அவருக்கு அப்படியே பொருந்தும். சாட்சி போடுகிறவருக்கோ அவர் மனைவிக்கோ உயிலில் எழுதியது செல்லாது. மற்ற உயில் அப்படியே நிற்கும், ஜிம்மிக்கான பத்தி மட்டும் காலி. இந்துக்களுக்கு அந்தப் பிரிவு இல்லை, ஆனாலும் கோர்ட்டில் வீண் சந்தேகம் வரும், யாரும் செய்ய வேண்டாம்.

முரளி: கையெழுத்து ஒன்றில் மூன்றரை லட்சம் போயிருக்குமா 😳

பாஸ்கர்: இவ்வளவு எதற்கு? தனி எஃப்.டி. போட்டு விஜயாவை நாமினி ஆக்கினால் முடிந்தது. உயிலே வேண்டாம்.

கலைவாணி (வக்கீல்): பாதி சரி. நாமினி பணத்தை வாங்கலாம், ஆனால் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். வாரிசு கேட்டால் கொடுத்தாக வேண்டும். உயிலும் நாமினியும் ஒரே பெயரைச் சொன்னால் இரண்டுக்கும் பலன் உண்டு. உயிலை வைத்துப் பணம் வாங்க மாதக்கணக்கில் ஆகலாம், நாமினி இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போனால் சீக்கிரம் கிடைத்துவிடும். அதுவரை ஜிம்மி பட்டினி கிடக்க முடியாதே. டீச்சர், எஃப்.டி. தனியாகப் போட்டு, அதன் விவரத்தை உயிலிலும் எழுதுங்கள்.

விஜயா: அக்கா, இப்போதே என்னிடம் கொடுத்துவிட்டால் எளிது இல்லையா? கேட்கத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

கலைவாணி (வக்கீல்): வருமான வரி வரும் விஜயா. நீங்கள் சொந்தம் இல்லை. உறவு அல்லாதவரிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000-க்கு மேல் பரிசாக வாங்கினால் முழுத்தொகையும் உங்கள் வருமானம். உயில் வழியாக வந்தால் அந்த வரி கிடையாது. அப்புறம் வரும் வட்டிக்கு மட்டும் உண்டு.

ஸ்டெல்லா டீச்சர்: மூன்றரை லட்சம் எப்படிப் போட்டேன் என்றால், கோழி, சோறு, தயிர் எல்லாம் சேர்த்து மாதம் 3,000. தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்துக்கு வருடம் 6,000. ஆக வருடத்துக்கு 42,000. 13 வயது வரை இருந்தால் ஆறு வருடம், 2,52,000. கடைசிக் காலத்தில் ஆபரேஷன் ஏதாவது வந்தால் என்று மீதி 98,000.

கலைவாணி (வக்கீல்): கணக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் இன்னும் ஐந்து வருடம் இருந்தால் ஜிம்மிக்கு 12 ஆகிவிடும், தொகையைக் குறைக்க வேண்டியிருக்கும். உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம்.

சேகர்: ஜிம்மி சீக்கிரம் போய்விட்டால் மீதிப் பணம் யாருக்கு?

கலைவாணி (வக்கீல்): இதுதான் கஷ்டமான கேள்வி. விஜயாவுக்கே என்றால் யாராவது நாளைக்கு வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். மகனுக்கு என்றால் விஜயா ஒவ்வொரு பில்லையும் எடுத்து வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும். உயிலை நிறைவேற்றுபவர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தவணையாகக் கொடுக்கலாம், ஆனால் இவ்வளவு சிறிய தொகைக்கு ஆறு வருடம் யார் அந்த வேலையைப் பார்ப்பது?

விஜயா: மீதி எனக்கு வேண்டாம். விலங்குகள் காப்பகம் எதற்காவது எழுதிவிடுங்கள்.

ஸ்டெல்லா டீச்சர்: மகனிடம் பேசிவிட்டு முடிவு செய்கிறேன். அவனுக்குத் தெரியாமல் எழுத மனசு வரவில்லை.

மெஹருன்னிசா: டீச்சர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தால்?

கலைவாணி (வக்கீல்): உயில் அதற்கு உதவாது, இறந்த பிறகுதான் பேசும். ஜிம்மியின் தடுப்பூசி அட்டை, டாக்டர் போன் நம்பர், வீட்டுச் சாவி, கொஞ்சம் கைப்பணம் இப்போதே விஜயாவிடம் இருக்கட்டும்.

சேகர்: சாட்சிக்கு நான் தயார். எனக்கு எதுவும் எழுதவில்லையே, தடை இல்லை.

கலைவாணி (வக்கீல்): தடை இல்லை அண்ணா. ஆனால் உங்களுக்கு 74. பின்னால் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டி வந்தால் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். இரண்டு பேரும் இளையவர்களாக இருந்தால் நல்லது. டீச்சர் கையெழுத்துப் போடுவதை இருவரும் நேரில் பார்க்க வேண்டும்.

சேகர்: சரி, என் பையனை அனுப்புகிறேன். மணி எத்தனைக்கு?

ஸ்டெல்லா டீச்சர்: மகன் ஒப்புக்கொண்டதும் சொல்கிறேன். இந்த ஞாயிறு வேண்டாம்.